கேட், கிரில் வேலைக்கு எந்த வெல்டிங் ராடு? பூச்சைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

புதிதாக வெல்டிங் பழகுகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எது ரொம்ப ஸ்ட்ராங்கான ராடு?" என்பதுதான். கேட், கிரில் வேலைக்கு அந்தக் கேள்வி அவ்வளவாக உதவாது. நாம் வாங்கும் சாதாரண மைல்டு ஸ்டீலின் இழுவிசை வலிமை ஏறத்தாழ 410 மெகாபாஸ்கல்; எல்லாக் கடையிலும் கிடைக்கும் 6013 ராடு படியவைக்கும் உலோகம் அதற்குக் குறைந்ததன்று. ஆகவே கேட்டில் பற்று விட்டுப்போனால், பெரும்பாலும் ராடு வலுவற்றது என்பது காரணமாக இராது. உருகிய உலோகம் இரும்போடு கலக்காமல் மேலே உட்கார்ந்திருக்கும், அல்லது நடுவில் கசடு சிக்கியிருக்கும். இவ்விரண்டையும் பெருமளவு தீர்மானிப்பது ராடின் மேலுள்ள சாம்பல் நிறப் பூச்சும், நாம் வைக்கும் ஆம்பியரும்தான்.

பூச்சு செய்யும் வேலை

பூச்சில்லாத வெறும் கம்பியால் பற்றவைத்துப் பார்த்தால் சுடர் நிலைக்காமல் அணைந்து அணைந்து எரியும். படியும் உலோகமும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சித் துளை விழுந்து நொறுங்கும். பூச்சு இதைப் பல வழிகளில் தடுக்கிறது. அதிலுள்ள பொட்டாசியம் சேர்மங்கள் சுடரை அணையாமல் நிலைநிறுத்துகின்றன. செல்லுலோசும் கார்பனேட்டுகளும் எரிந்து புகையாகி, உருகிய உலோகத்தைச் சுற்றிக் காற்றை விலக்குகின்றன. ஃபெர்ரோ மாங்கனீசு, உருகிய குழம்பில் ஏற்கெனவே புகுந்துவிட்ட ஆக்சிஜனைப் பிடித்துக் கசடாக மாற்றுகிறது. டைட்டானியம் டை ஆக்சைடு அடங்கிய ரூட்டைல் தாது உருகி, ஆறும் உலோகத்தின் மேல் போர்வையாகப் படிகிறது. நாம் சுத்தியலால் தட்டி உதிர்க்கும் கசடு அதுவே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளிருக்கும் கம்பி உருகிய சற்று நேரம் கழித்தே பூச்சு உருகுவதால், ராடின் நுனியில் ஒரு சிறு கிண்ணம் உருவாகிச் சுடரை நேராகச் செலுத்துகிறது. ஒரு பக்கம் பூச்சு உதிர்ந்த ராடில் இந்தக் கிண்ணம் அமையாது, சுடர் ஒரு புறமாக ஒதுங்கும். அத்தகைய ராடை வேலையில் பயன்படுத்தாமல் பழகுவதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

எந்தப் பூச்சு

6013 என்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் வலிமையையும், 1 என்பது எல்லா நிலைகளிலும் பற்றவைக்கலாம் என்பதையும் குறிக்கும். அந்த 1-ஐயும் கடைசி இலக்கத்தையும் சேர்த்துப் படித்தால் பூச்சின் வகை தெரியும். இது ரூட்டைல் பூச்சு. சிறிய மெஷினிலும் எளிதில் சுடர் பிடிக்கும். கசடு எளிதாகக் கழன்றுவரும். ஊடுருவல் மிதமாக இருப்பதால் மெல்லிய குழாயைத் துளைத்துவிடாது. கேட் வேலைக்கு இதையே நான் பரிந்துரைக்கிறேன்.

7018 வலிமையானதுதான். ஆனால் அதன் சுண்ணாம்புச் சார்புள்ள பூச்சு, தடித்த எஃகில் ஹைட்ரஜனால் விரிசல் வராமல் இருப்பதற்காக அமைக்கப்பட்டது. நம் மெல்லிய மைல்டு ஸ்டீலில் அந்த ஆபத்து இல்லை. ஈரம் பட்டால் 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி உலர்த்த வேண்டும்; அணைத்த ராடை மீண்டும் பற்றவைப்பதும் தொடக்கக்காரருக்குச் சிரமம்.

மிக் மெஷின் வைத்திருப்பவர்கள் 0.8 மில்லிமீட்டர் கம்பியைப் பயன்படுத்தலாம். அதன் மேலுள்ள செம்பு நிறப் பூச்சை ராடின் பூச்சோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது துருவைத் தடுத்து மின்சாரம் நன்கு பாய உதவுமே தவிர, காற்றை விலக்காது. அந்த வேலையைச் சிலிண்டரிலிருந்து வரும் வாயு செய்கிறது. ஆகவே வாசலில் காற்றடிக்கும் இடத்தில் கேட் மாட்டும்போது ராடே நம்பகமானது.

ஒரு கேட்டைப் பற்றவைத்துப் பார்ப்போம்

அகலம் 4 அடி, உயரம் 5 அடி. சட்டம் 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர்த் தடிமன் 1.6 மில்லிமீட்டர், அதாவது 16 கேஜ். உள்ளே 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பிகள். கீல் பொருத்த 6 மில்லிமீட்டர் தகடு. சட்டத்துக்கும் கம்பிக்கும் 2.5 மில்லிமீட்டர் ராடும், தகட்டை முளையிரும்போடு இணைக்க 3.15 மில்லிமீட்டர் ராடும் போதும்.

முதலில் முனைகளைத் தேய்த்துத் துரு, பெயின்ட், எண்ணெய் ஆகியவற்றை நீக்குங்கள். கால்வனைஸ் குழாயாக இருந்தால் துத்தநாகப் பூச்சை முழுவதும் தேய்த்தெடுத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் நின்று பற்றவையுங்கள். துத்தநாகப் புகை காய்ச்சலை உண்டாக்கும். முகக்கவசத்தில் 10-ஆம் எண் கண்ணாடியும், கையில் தோல் கையுறையும் வேண்டும்.

அதே குழாயின் துண்டில் 65 ஆம்பியரில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு கயிறுபோல் உருண்டு மேலே நின்றால் ஆம்பியர் குறைவு. ஓரங்களில் பள்ளம் விழுந்து, தெறிப்பு மிகுந்து, ராடு பாதியிலேயே சிவந்தால் ஆம்பியர் கூடுதல். ஐந்தைந்தாக மாற்றுங்கள். 2.5 மில்லிமீட்டர் ராடு பொதுவாக 55 முதல் 85 ஆம்பியருக்குள் அடங்கும்.

பிறகு ஒரு துண்டை மற்றொன்றின் மேல் T வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, பற்றின் பக்கமாகவே சாய்ந்து விழும்படி சுத்தியலால் அடித்து உடையுங்கள். பற்று வெடித்த இடத்தின் அடியில் வெட்டு முனை உருகாமல் பழையபடி கூராகத் தெரிந்தால் உலோகம் கலக்கவில்லை என்று பொருள். கறுப்புக் கோடு தெரிந்தால் கசடு உள்ளே சிக்கியிருக்கிறது. ராடு மிக நிமிர்ந்திருந்தாலோ மெதுவாக நகர்ந்தாலோ ரூட்டைல் கசடு குழம்புக்கு முன்னால் ஓடிவிடும். நகரும் திசைக்கு ராடின் பிடிமுனையைச் சற்றுச் சாய்த்து, சுடரைக் குறுக்கி, கசடு பின்னால் நிற்கும்படி இழுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். மேலே அழகாகத் தெரியும் பற்று எவ்வளவு ஏமாற்றும் என்பதை இதில்தான் நான் கற்றேன்.

இனிச் சட்டத்தை நான்கு மூலைகளிலும் டேக் வைத்து, அதாவது சிறு புள்ளியாக மட்டும் பற்றவைத்து, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்று அளந்தபின் முழுப் பற்று வையுங்கள். ஒரு மூலையை முடித்ததும் எதிர் மூலைக்குப் போனால் சட்டம் கோணாது. மூலையில் இடைவெளி இருந்தால் நிரப்ப முயலாமல் குழாயை மீண்டும் சரியாக வெட்டுங்கள். 1.6 மில்லிமீட்டர் சுவரில் இடைவெளியை நிரப்பப் போனால் துளைதான் பெரிதாகும்.

12 மில்லிமீட்டர் கம்பியை மெல்லிய குழாயோடு சேர்க்கும்போது சுடரைக் கம்பியின் மேலேயே நிறுத்தி, குழம்பு தானே குழாயைத் தொடும்படி விடுங்கள். ஆம்பியரை 75 வரை உயர்த்தலாம். கீல் தகட்டுக்கு 3.15 ராடை 110 ஆம்பியரில் தொடங்குங்கள்.

மழைக்காலத்தில் ஒருமுறை, திறந்த பெட்டியில் கிடந்த ராடுகளால் ஒரு கிரில்லைப் பற்றவைத்தேன். சுடர் படபடத்தது, கசடுக்கடியில் ஊசித்துளைகள் நிறைந்திருந்தன. அத்தனை பற்றையும் தேய்த்தெடுத்து மீண்டும் வைக்க நேர்ந்தது. ஈரமான 6013 ராடை 100 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் போதும். அதற்கு மேல் மிகையாகச் சுட்டால் பூச்சிலுள்ள செல்லுலோஸ் கெட்டு, புகைக் காப்பு குறைந்துவிடும்.

முடித்தவுடன் கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்த பிறகே ரெட் ஆக்சைடு பூசுங்கள். விட்டுவைத்த கசடின் மேல் பெயின்ட் பிடிக்காது. உரிந்து விழும் இடத்தில்தான் துரு தொடங்கும். மிக் கம்பியால் வைத்த பற்றின் மேல் பழுப்புக் கண்ணாடித் திட்டுகள் தெரிந்தால் அவற்றையும் அவ்வாறே நீக்குங்கள்.