பஸ்ஸில் போக எஸ்எஸ்டி, பீரோவில் இருக்க ஹார்ட் டிஸ்க்

கீழக்கரையில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். ஒரு கல்யாணத்துக்குச் சுமார் 400 ஜிபி சேரும். எடிட்டிங் மதுரையில் என்பதால் டிரைவ் பஸ்ஸில் போய் வரும். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் எந்த டிரைவ் வாங்கலாம் என்று கேட்பதால், நான் செய்யும் முறையை வரிசையாக எழுதுகிறேன்.

1. டிரைவ் ஊர் சுற்றுமா, வீட்டில் இருக்குமா?

இதை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு சுழலும். அதன்மேல் படாமல், மிக நெருக்கத்தில் ஹெட் மிதக்கும். மண்டபத்தில் ஒரு கல்யாணத்தில் காப்பி ஓடும்போதே என் டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தது. எடுத்துச் செருகினால் டிக், டிக் என்று சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். மறுபடி மறுபடி செருகினால் ஹெட் தட்டைக் கீறி, மீட்டிருக்கக்கூடிய ஃபைல்களும் போய்விடும். கேமரா கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் அன்று தப்பித்தேன். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. பையில் போட்டுப் போக அதுதான் சரி.

2. போர்ட்டைப் பாருங்கள்

பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டில் நொடிக்கு 40 எம்பிகூடத் தாண்டாது. 400 ஜிபிக்கு மூன்று மணி நேரம் ஆகும், எஸ்எஸ்டியாக இருந்தாலும். யூஎஸ்பி 3 போர்ட்டில் சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒரு மணி நேரம் எடுக்கும். நொடிக்கு 400 எம்பி ஓடும் எஸ்எஸ்டி, கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். டிரைவுடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். சில கேபிள்கள் 2.0 வேகத்துக்கு மேல் போகாது.

3. காப்பி எடுத்துச் சரிபாருங்கள்

விண்டோஸில் இழுத்துப் போடுவதைவிட, கமாண்ட் பிராம்ப்டில் இப்படி அடிப்பது நம்பகமானது. இதில் D மூலம், E காப்பி போகும் டிரைவ்; உங்கள் கம்ப்யூட்டரில் காட்டும் எழுத்துகளைப் போடுங்கள்:

```
robocopy D:\Wedding E:\Wedding /E
```

முடிந்ததும் வரும் பட்டியலில் `FAILED` என்பதன் கீழ் எல்லாம் 0 ஆக இருக்க வேண்டும். `/MIR` மட்டும் போடாதீர்கள். மூலத்தில் இல்லாத ஃபைல்களை அது காப்பியிலிருந்தும் அழித்துவிடும். பிறகு நாலைந்து வீடியோவை டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள்.

4. வீட்டுக் காப்பி ஹார்ட் டிஸ்க்கில்

அதே பணத்துக்கு இடம் அதிகம் கிடைக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாக வைத்திருக்கிறது. கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அது மெல்லக் கசியும். வெக்கையில் இன்னும் சீக்கிரம். நம் ஊர் பீரோ எவ்வளவு சூடு என்று உங்களுக்கே தெரியும்.

உப்புக்காற்றில் போர்ட்டின் முனைகள் பச்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி இறுகும் டப்பாவில் டிரைவை வையுங்கள். டிஸ்க்கின் மேல் டேப் ஒட்டாதீர்கள். அதில் காற்றுத் துளை இருக்கும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் வியர்த்திருக்கும், அரை மணி நேரம் கழித்துச் செருகுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செருகி ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

கார்டை ஃபார்மேட் செய்வது இரண்டு டிரைவிலும் வீடியோ ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான்.