பில்ட் வந்தது, ரிலீஸ் வரவில்லை: டெவலப்பரின் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் கடைக்கு ஆப் செய்ய டெவலப்பரை அமர்த்துகிறவர்கள் புதிது புதிதாக வருகிறார்கள். தவறு மட்டும் பழையதே. "பில்ட் ரெடி" என்று கேட்டதும் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிடுகிறார்கள்.

பில்டும் ரிலீஸும்

எழுதிய நிரலைத் தொகுத்து, ஆப்பாக நிறுவுவதற்கு ஏற்ற கோப்பாக்குவது பில்ட். ப்ளே ஸ்டோருக்கு ஏற்றும் கோப்பின் பெயர் `.aab` என்று முடியும். முதலில் அது சோதிப்பவர்களிடம்தான் போகும். வாடிக்கையாளரே ஸ்டோரில் தேடி இறக்கிக்கொள்ளும் நிலைதான் ரிலீஸ்.

சாட்ஸ்வொர்த்தில் பலகாரக் கடைக்காரர் ஒருவர் தீபாவளி ஆர்டருக்காக ஆப் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு பில்ட் ரெடி. அன்றே துண்டறிக்கையும் அச்சாகிவிட்டது. ஆனால் ஆப்பை வெளியிடுவதற்கான கூகுள் ப்ளே டெவலப்பர் கணக்கைப் போன மாதம்தான் தனிநபர் கணக்காகத் திறந்திருக்கிறார். 2023 நவம்பர் 13-க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கானால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் சோதிக்கும் `Closed testing`-இல் சேர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். அந்தப் பரிசீலனைக்கு இன்னும் ஒரு வாரம் போகலாம். டெவலப்பர் இரவு பகலாக உழைத்தாலும் அந்த 14 நாள் குறையாது. நடுவில் ஒருவர் விலகி 11 ஆகிவிட்டால் நிபந்தனையே உடைந்துவிடும். அதனால் பதினைந்து பேரையாவது சேர்த்துவையுங்கள்.

நிறுவனக் கணக்குக்கு இந்தச் சோதனை விதி இல்லை. ஆனால் நிறுவனத்தை அடையாளம் காட்டும் டன்ஸ் எண் வேண்டும். அதைப் பெறவும் வாரங்கள் ஆகலாம்.

எரிச்சல் எங்கே வருகிறது என்றால், ஒப்பந்தம் போடும் நாளிலேயே "எந்தக் கணக்கில் வெளியிடப் போகிறோம்?" என்று கேட்டிருந்தால் இவ்வளவும் அன்றே தெரிந்திருக்கும். பில்ட் கைக்கு வந்ததும், "இது சோதனையில் இருக்கிறதா, பொது வெளியீடான `Production`-இல் இருக்கிறதா?" என்று கேளுங்கள். `Production` என்று சொன்னாலும், உங்கள் போனில் ஸ்டோரைத் திறந்து தேடிப் பார்த்த பிறகே அச்சகத்துக்குப் போங்கள்.

பேக்எண்ட், ஏபிஐ

ஆர்டரும் விலையும் வாடிக்கையாளர் கணக்கும் இருக்கும் சர்வர் பக்கம் பேக்எண்ட். ஆப் அதனிடம் எதை, எந்த வடிவில் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு ஏபிஐ. பேக்எண்டில் செய்த பிழையைப் பெரும்பாலும் அன்றே திருத்திவிடலாம். வாடிக்கையாளர் போனில் இருக்கும் ஆப்பைத் திரும்ப வாங்க முடியாது. அவர் அப்டேட் செய்யும்வரை பழையதுதான் ஓடும். பழைய ஆப் `phone` என்று அனுப்பும் எண்ணை பேக்எண்ட் `mobile` என்று எதிர்பார்க்கத் தொடங்கினால், அவருடைய ஆர்டர் மட்டும் உங்களுக்கு வந்து சேராது. புது ஆப் வைத்திருக்கும் உங்களுக்கோ எல்லாம் சரியாகவே தெரியும். ஆகவே ஏபிஐ மாறுகிறது என்றால், "போன மாத ஆப் இன்னும் வேலை செய்யுமா?" என்று கேளுங்கள்.

"டெஸ்டில் வேலை செய்தது"

இப்படி டெவலப்பர் சொன்னாலும், ஸ்டோரிலிருந்து இறக்கிய ஆப்பில், உங்கள் சொந்த அட்டையால் 10 ரேண்டுக்கு ஓர் ஆர்டர் போடுங்கள். பணம் வங்கிக்கு வரவில்லை என்றால், கட்டண இணைப்பு இன்னும் உண்மைப் பணம் நகராத சோதனை முறையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.