ஆய்வு உரைக்குப் பின் வரும் கேள்விகள்: பதிலை முன்பே எழுதி வைப்பது எப்படி?

உரையை நன்றாகப் பேசிவிட்டு, முதல் கேள்வியிலேயே தடுமாறுபவர்கள் நிறையப் பேர். வரப்போகும் கேள்விகளில் பாதியை முன்கூட்டியே ஊகித்துவிடலாம் என்பதால் இதற்குத் தயாராவது அவ்வளவு கடினமில்லை.

முதலில் உங்கள் ஸ்லைடுகளை வரிசையாகப் பார்த்து, எங்கெல்லாம் நீங்கள் ஒரு முடிவு எடுத்தீர்களோ (ஏன் இத்தனை பேர், ஏன் இந்த முறை, எதோடு ஒப்பிட்டீர்கள்) அங்கெல்லாம் ஒரு கேள்வியை எழுதுங்கள். எந்த ஸ்லைடை வேகமாகத் தாண்டிப் போக ஆசைப்படுகிறீர்களோ, கேள்வி பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். ஐந்தாறு கேள்விகள் போதும்.

ஓர் உதாரணம். 60 மாணவர்களின் தூக்க நேரத்தையும் தேர்வு மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு, குறைவாகத் தூங்கியவர்களின் மதிப்பெண்ணும் குறைவு என்று காட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "அப்போ தூக்கக் குறைவால்தான் மதிப்பெண் குறைந்ததா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இதற்குப் பலரும் எழுதி வைப்பது இப்படி இருக்கும்:

"இவ்வாய்வில் கண்டறியப்பட்ட தொடர்பானது காரண காரிய உறவாகக் கொள்ளத்தக்கதா என்பது குறித்து..."

இதை வாயால் சொல்லவே முடியாது, கேட்பவருக்கும் பதில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மாற்றி எழுதினால்:

"இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து வருகின்றன என்று மட்டும்தான் எங்கள் தரவு காட்டுகிறது. தேர்வுப் பயத்தால் தூக்கமும் கெட்டிருக்கலாம், மதிப்பெண்ணும் குறைந்திருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்க, தேர்வுப் பயத்தையும் அளந்து, அதே மாணவர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டும்."

முதல் வாக்கியமே பதில், அப்புறம் ஒரே ஒரு காரணம், கடைசியில் ஆய்வின் எல்லை. எல்லாப் பதிலையும் இந்த அச்சில் எழுதிப் பாருங்கள். எழுதியதும் போனில் நேரம் வைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். அரை நிமிடத்தைத் தாண்டினால், இரண்டாவது காரணம் ஒன்று நடுவில் புகுந்திருக்கும், அதை வெட்டுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். மனப்பாடம் மட்டும் வேண்டாம், கேள்வி கொஞ்சம் மாறி வந்தாலே சிக்கிக்கொள்வீர்கள். முதல் வாக்கியமும் இரண்டு குறிப்புச் சொற்களும் ஒரு சீட்டில் இருந்தால் போதும்.

தெரியாத கேள்விக்கும் ஒரு பதில் எழுதி வையுங்கள்: "ஆண், பெண் என்று பிரித்து நாங்கள் அளக்கவில்லை. அளந்திருந்தால் அந்த வேறுபாடு தெரிந்திருக்கும்." எதை அளக்கவில்லை என்று பெயர் சொல்லிச் சொன்னால் மழுப்பலாகத் தெரியாது.

கேள்வி நேரம் முழுக்கத் திரையில் "நன்றி" ஸ்லைடு நிற்பது எனக்குப் பிடிக்காது. முடிவுகள் உள்ள ஸ்லைடையே விட்டு வையுங்கள், கேட்பவர்களும் அதைப் பார்த்தே கேட்பார்கள். கடைசிப் பதில் "அதனால... வந்து..." என்று இழுபடாமல் இருக்க, முடிக்கும் வாக்கியத்தையும் எழுதிவிடுங்கள். "மீதியை இடைவேளையில் பேசலாம், நன்றி" என்று சொல்லிவிட்டு, அமர்வுத் தலைவரைப் பாருங்கள்.