பத்திரத்துக்கு ஒரு காப்பீடு: சிடிஎஸ் விலையை எப்படிப் படிப்பது?

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பிக்சட் டெபாசிட்டை விட வட்டி கூடக் கிடைக்கிறதே என்று ஃபைனான்ஸ் கம்பெனிகளின் என்சிடி என்ற கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பங்கில் விலை ஏறுமா என்று பார்க்கிறோம். பத்திரத்தில் பார்க்க வேண்டியது, கடன் வாங்கிய கம்பெனி திருப்பித் தருமா என்பதைத்தான். அந்தச் சந்தேகத்துக்கே தினமும் ஒரு விலை வைக்கும் சந்தை உண்டு. அதில் கைமாறும் ஒப்பந்தம்தான் கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப், சுருக்கமாக சிடிஎஸ். அந்த விலையைப் படிக்கப் பழகினால், கையில் இருக்கும் என்சிடியையும் அதே கண்ணால் பார்க்கலாம்.

படி 1: ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி ஐந்து வருடப் பத்திரம் வெளியிட்டதாக வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காகச் சொல்லும் கற்பனைக் கம்பெனி. ஒரு நிதி நிறுவனம் அதில் 10 கோடி ரூபாய்க்கு வாங்கியிருக்கிறது. பணம் வராமல் போய்விடுமோ என்ற பயத்தில், அது ஒரு வங்கியிடம் சிடிஎஸ் வாங்குகிறது.

விலை 300 பேசிஸ் பாயிண்ட். 100 பேசிஸ் பாயிண்ட் என்பது 1 சதவீதம். ஆக வருடத்துக்கு 3 சதவீதம், அதாவது 30 லட்சம். இது மூன்று மாதத்துக்கு ஒரு தவணையாக, சுமார் 7.5 லட்சம் வீதம் போகும். உலகச் சந்தையில் தவணை நாட்கள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் 20-ம் தேதி. கம்பெனி ஒழுங்காகக் கடனை அடைத்துவிட்டால், கட்டிய பிரீமியம் போனது போனதுதான்.

ஒரு விஷயத்தில் இது நாம் அறிந்த காப்பீட்டிலிருந்து விலகுகிறது. பக்கத்துக்காரரின் மாந்தோப்புக்கு உங்கள் பெயரில் காப்பீடு எடுக்க எந்தக் கம்பெனியும் விடாது. சிடிஎஸ் சந்தையில் பத்திரமே கையில் இல்லாதவரும் பல இடங்களில் இதை வாங்கலாம். நாடுகளின் பத்திரங்கள் மீது அப்படி வாங்குவதை ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பரில் தடுத்தது. இந்த வழி இருப்பதால்தான் கம்பெனி சரியும் என்று நினைப்பவரின் கருத்தும் விலைக்குள் வந்து சேர்கிறது.

படி 2: கம்பெனி விழுந்தால் எவ்வளவு கிடைக்கும்?

திவால், தவணை தவறுதல் போன்ற குறிப்பிட்ட நிகழ்வு நடந்தால்தான் பணம் வரும். அப்போது அந்தப் பத்திரங்களை ஏலம் விட்டு, 100 ரூபாய்ப் பத்திரத்துக்கு மிச்ச மதிப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஏலத்தில் 35 என்று நின்றால், மீதி 65-ஐ சிடிஎஸ் விற்றவர் தர வேண்டும். நம் உதாரணத்தில் 6.5 கோடி.

அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலான பிறகு 2008 அக்டோபர் 10-ம் தேதி நடந்த ஏலத்தில், 100 டாலர் பத்திரத்துக்கு நின்ற விலை 8.625 டாலர். சிடிஎஸ் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது 91.375.

படி 3: விலைக்குள் ஒளிந்திருக்கும் வாய்ப்பைக் கணக்கிடுங்கள்

கம்பெனி விழுந்தால் 100-க்கு 40 திரும்பி வரும் என்பது சந்தையில் வழக்கமாக வைக்கும் அனுமானம். அப்படியானால் நஷ்டம் 60. வருடத்துக்கு 3 சதவீதம் வாங்குபவர் அந்த 60-ஐ ஈடுகட்ட வேண்டும் என்றால், வருடத்துக்கு 3 ÷ 0.60 = 5 சதவீத வாய்ப்பில் கம்பெனி விழும் என்று சந்தை கணக்குப் போடுகிறது. எக்செல் தாளில் B1-ல் விலை, B2-ல் திரும்பி வரும் பங்கான மீட்பு விகிதம், B3-ல் வருடம் போட்டு இதை எழுதுங்கள்:

```
=1-(1-B1/10000/(1-B2))^B3
```

300, 0.4, 5 என்று கொடுத்தால் 22.6 சதவீதம் வரும். ஐந்து வருடத்துக்குள் இந்தக் கம்பெனி தவற ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு.

இந்த எண்ணை அப்படியே நிஜ வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆபத்தைத் தோளில் சுமப்பவர் அதற்கென்று கூடுதல் கூலியும் கேட்பார். அதுவும் விலைக்குள் இருக்கிறது. அதனால் இந்தக் கணக்கு வழக்கமாக நிஜத்தை விடப் பெரிய எண்ணையே காட்டும். ஒரே கம்பெனியின் போன மாத எண்ணோடு, அதே துறையின் வேறு கம்பெனியோடு ஒப்பிடத்தான் இது உதவும்.

படி 4: வணிகர் எதைப் பார்க்கிறார்?

முதலில் நகர்வு. ஒரு வருடம் கழித்து, மீதி நான்கு வருடத்துக்கான விலை 700 ஆகிவிட்டது என்று வையுங்கள். கம்பெனி இன்னும் ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஆனாலும் 300-க்கு வாங்கியவர் லாபத்தில் இருக்கிறார். இன்று புதிதாக வாங்குபவர் வருடத்துக்கு 70 லட்சம் கட்ட வேண்டிய காப்பு, இவரிடம் 30 லட்சத்துக்கு இருக்கிறது. மிச்சம் வருடத்துக்கு 40 லட்சம். நான்கு வருடத்துக்கு 1.6 கோடி என்று பெருக்கிவிடக் கூடாது. நடுவில் கம்பெனி விழுந்தால் பிரீமியமும் அன்றோடு நின்றுவிடும், பின்னால் வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பும் குறைவு. இரண்டையும் கழித்தால் நான்குக்குப் பதில் சுமார் 2.8 என்ற பெருக்கம் வரும். லாபம் 1.1 கோடியை ஒட்டி நிற்கும். இந்தச் சந்தையில் பெரும்பாலான லாப நஷ்டம் திவாலில் வருவதில்லை, இப்படி விலை நகர்வதில்தான் வருகிறது.

அடுத்தது, கால வரிசை. சாதாரணமாக ஒரு வருடக் காப்பு மலிவு, ஐந்து வருடக் காப்பு விலை கூட. இது தலைகீழானால், ஆபத்து வாசலுக்கே வந்துவிட்டது என்று சந்தை சொல்கிறது. 2023 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சூயிஸ் வங்கியின் ஒரு வருடக் காப்பு 1,000 பேசிஸ் பாயிண்டைத் தாண்டி, ஐந்து வருட விலைக்கு மேலே போனது. அந்த வாரக் கடைசியிலேயே அந்த வங்கியை இன்னொரு சுவிஸ் வங்கியான யுபிஎஸ் எடுத்துக்கொள்ளும் முடிவு வந்தது.

எங்கே தவறும்?

சந்தையின் எச்சரிக்கை சரியாக இருந்தும் காப்பு பணம் தராமல் போகலாம். அதே கிரெடிட் சூயிஸில் சுமார் 1,600 கோடி சுவிஸ் ஃபிராங்க் மதிப்புள்ள ஏடி1 பத்திரங்கள், அதாவது வங்கி நெருக்கடியில் சிக்கினால் இழப்பை முதலில் ஏற்க வேண்டிய வகைப் பத்திரங்கள், பூஜ்யமாக்கப்பட்டன. ஆனால் அது ஒப்பந்தத்தில் சொன்ன நிகழ்வு ஆகாது என்று இதற்கான தீர்மானக் குழு முடிவு செய்தது. பிரீமியம் கட்டியவருக்கு அந்தப் பத்திர இழப்புக்காக ஒன்றும் வரவில்லை. எந்த நிகழ்வு, எந்த வகைப் பத்திரம் என்ற வரிகளைப் படிக்காமல் இதைக் காப்பீடு என்று நம்பக் கூடாது.

காப்பு விற்றவரே தள்ளாடலாம் என்பது இன்னொன்று. 2008 செப்டம்பரில் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான ஏஐஜியின் கடன் தர மதிப்பீடு குறைக்கப்பட்டதும், அது விற்ற காப்புகளுக்கு ஈடு கேட்டு எல்லோரும் நெருக்கினார்கள். அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுத்துத் தாங்க வேண்டி வந்தது.

படி 5: உங்கள் என்சிடிக்கு இதைப் போடுங்கள்

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2011-ல் கம்பெனிப் பத்திரங்களுக்கு சிடிஎஸ் விதிகளைக் கொண்டுவந்து, 2022-ல் திருத்தியது. ஆனாலும் வியாபாரம் மிக மெலிவு. உங்கள் கம்பெனிக்கு சிடிஎஸ் விலை பெரும்பாலும் கிடைக்காது. அதற்குப் பதில் இதைச் செய்யலாம். என்சிடி 10.5 சதவீதம் தருகிறது, அதே காலத்து அரசுப் பத்திரம் 7 சதவீதம் தருகிறது என்றால், இடைவெளி 350 பேசிஸ் பாயிண்ட். அதை B1-ல் போடுங்கள். மீட்பு 0.4, மூன்று வருடம் என்றால் 16.5 சதவீதம் வரும்.

இப்போது B2-ஐ 0.2 ஆக்குங்கள். விடை 12.6-க்கு இறங்கும். மீட்பு குறைந்தால் ஆபத்து குறைகிறதா என்று குழம்ப வேண்டாம். விழும் வாய்ப்பு குறைவாகத் தெரிகிறது, ஆனால் விழுந்தால் 60-க்குப் பதில் 80 போகும். ஈடு இல்லாத என்சிடிக்கு 0.4 என்பது தாராளமான எண். சொத்து ஈடு உள்ளதா என்று வெளியீட்டு ஆவணத்தில் பார்த்துவிட்டு B2-ஐ வையுங்கள்.

இடைவெளி முழுவதும் திவால் பயம் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். அவசரத்துக்கு விற்க ஆள் கிடைக்காத பத்திரத்துக்கு அதற்காகவே கொஞ்சம் வட்டி கூட இருக்கும். அதனால் பங்குச் சந்தையில் பட்டியலான உங்கள் என்சிடியின் விலையை மாதம் ஒருமுறை பாருங்கள். மற்ற கம்பெனிகளின் பத்திரங்கள் அசையாமல் இருக்க, இதன் விலை மட்டும் தொடர்ந்து இறங்கி, இன்றைய விலைக்கு வாங்குபவருக்குக் கிடைக்கும் வருமான விகிதம் 10.5 சதவீதத்திலிருந்து 14 ஆகிவிட்டால், கம்பெனியின் காலாண்டு அறிக்கையைத் தேடிப் படிக்க வேண்டிய நேரம் அது. ஒரே நாளில் பத்து யூனிட் கைமாறி விலை சரிந்திருந்தால், யாரோ ஒருவர் பணத் தேவைக்கு விற்றிருக்கலாம். வியாபார அளவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.