டெண்டருக்கு ஆட்களின் சான்றிதழ்: முன்கூட்டியே கட்டி வைக்கும் முறை

மின்வேலை எடுக்கும் சின்ன நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். tntenders.gov.in தளத்தில் பதிவு செய்வது, டிஜிட்டல் கையொப்பம் வாங்குவது எல்லாம் முடித்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் டெண்டரில் ஆட்களைப் பற்றிய பகுதியை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, ‘சி லைசென்ஸ் சூப்பர்வைசர் ஒருவர், பி லைசென்ஸ் வயர்மேன் இருவர், மூன்று வருட அனுபவமுள்ள டிப்ளமோ பொறியாளர் ஒருவர், அனைவரும் நிறுவனத்தின் ஊழியர்களாக இருக்க வேண்டும்’ என்று இருக்கிறது. பலர் லைசென்ஸ் நகலை இணைத்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். அந்தக் கடைசிச் சொற்களுக்குத் தனிச் சான்று வேண்டும். பணி நியமனக் கடிதமும், யார் யாருக்கு பிஎஃப் கட்டினீர்கள் என்று காட்டும் அண்மை மாதங்களின் இசிஆர் பட்டியலும் சேர்ந்தால்தான் அந்த ஆள் உங்களிடம் வேலை செய்கிறார் என்று காட்ட முடியும். இசிஆரில் அவருடைய வரியை மட்டும் நிறம் தீட்டிக் காட்டினால் பார்ப்பவருக்குச் சுலபம்.

சிக்கல் வருவது பெயரில். வயர்மேனின் பெயர் செல்வம், அப்பா ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். லைசென்ஸில் ‘ஆர். செல்வம்’ என்று இருக்கும். ஆதாரில் ‘செல்வம் ராமசாமி’ என்று இருந்தால் அவருடைய பிஎஃப் எண்ணான யுஏஎன்னிலும் பெயர் அப்படியே இருக்கும். ஐடிஐ சான்றில் வெறும் ‘செல்வம்’. நம்மூரில் இது இயல்புதான். ஆனால் கோப்பைப் பரிசீலிப்பவர் கண்ணில் படுவது மூன்று பெயர்கள். லைசென்ஸ்காரர் ஒருவர், பிஎஃப் கட்டுவது இன்னொருவருக்கு என்று சந்தேகம் வந்தால், விளக்கம் கேட்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை. தொழில்நுட்பக் கவரிலேயே நிராகரிக்கவும் செய்யலாம்.

அதனால் ஒவ்வொருவர் கோப்புக்கும் முதல் பக்கமாக ஒரு தாள் வையுங்கள். எந்த ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறது, அப்பா பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண், யுஏஎன் ஆகியவை அதில் இருக்கட்டும். பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். கூடவே ‘இந்தப் பெயர்கள் அனைத்தும் என்னையே குறிக்கும்’ என்று அவர் கையெழுத்திட்ட, நோட்டரி முத்திரையுள்ள உறுதிமொழிப் பத்திரம் ஒன்று. இதை டெண்டர் வந்த பிறகு தேடி அலையாமல், ஆளை வேலைக்குச் சேர்க்கும்போதே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது ஸ்கேன். தளத்தின் பொது வழிமுறை 100 டிபிஐ, கறுப்பு வெள்ளை போதும் என்கிறது. தட்டச்சுத் தாளுக்கு அது சரி. புகைப்படமும் முத்திரையும் உள்ள லைசென்ஸை அப்படி எடுத்தால் முகமும் புதுப்பித்த தேதியும் கறுப்புத் திட்டாகிவிடும். அவற்றை மட்டும் சாம்பல் நிறத்தில், 150 அல்லது 200 டிபிஐயில் எடுங்கள். போன் செயலிகளை நான் நம்புவதில்லை. நிழலை நீக்குகிறேன் என்று மங்கலான முத்திரையையும் அழித்துவிடுகின்றன. பழைய தட்டை ஸ்கேனரே மேல். ஒரிஜினலை அன்றைக்கே ஆளிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதைப் பிடித்துவைத்து ஆளை நிறுத்தப் பார்ப்பது கேவலமான பழக்கம்.

கோப்பின் பெயரிலேயே காலாவதித் தேதி இருக்கட்டும். இடைவெளியும் சிறப்புக் குறிகளும் வேண்டாம்:

```
selvam_wireman_2027-06-30.pdf
```

தேதிகளை ஒரு எக்செல் தாளில் போட்டு, C நெடுவரிசையில் காலாவதித் தேதி இருந்தால் பக்கத்தில் இதை எழுதுங்கள்:

```
=IF(C2-TODAY()<120,"RENEW","OK")
```

120 நாள் ஏன் என்றால், டெண்டர் போடும் நாளில் சான்று உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. விலைப்புள்ளி 90 நாள் செல்லுபடியாக வேண்டும் என்று நிபந்தனை இருந்து, நடுவில் லைசென்ஸ் காலாவதியானால் ஒப்பந்தம் போடும் நேரத்தில் திண்டாட வேண்டும். புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால் கட்டண ரசீதையும் விண்ணப்ப ஒப்புகையையும் சேர்த்து வையுங்கள். அது போதுமா என்பதை முன்விலைப்புள்ளிக் கூட்டத்திலோ எழுத்துமூலமோ கேட்டுவிடுவது நல்லது.

இவற்றைத் தளத்தின் ‘My Documents’ பகுதியில் முன்பே ஏற்றி வைக்கலாம். டெண்டர் போடும்போது தேர்ந்தெடுத்தால் போதும். புதுப்பித்ததும் பழையதை அங்கிருந்து நீக்குங்கள். கடைசி மணி நேர அவசரத்தில் பழையதைத்தான் கை தொடும். பணி நியமனக் கடிதமும் இசிஆரும் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் அவற்றை டெண்டருக்கு டெண்டர் புதிதாக இணைப்பதே சரி.

சேர்ப்பு: ‘எங்களிடம் எட்டுப் பேர்தான், பிஎஃப் இல்லை, என்ன செய்வது?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். 20 பேருக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக பிஎஃப் கட்டாயமில்லை. அப்போது நியமனக் கடிதத்துடன் சம்பளப் பதிவேடு, வங்கி வழியாகச் சம்பளம் போன கணக்கு விவரம் இரண்டையும் காட்டுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுப்பவர்கள் இந்த மாதத்திலிருந்தே வங்கிக்கு மாறுங்கள். டெண்டர் பிஎஃப் பதிவையே நிபந்தனையாக வைத்திருந்தால் இது எதுவும் செல்லாது. விருப்பப் பதிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

இன்னொருவர், நண்பரின் நிறுவனத்துச் சூப்பர்வைசரின் சான்றை வாங்கிப் போடலாமா என்றார். வேண்டாம். ஒரே லைசென்ஸ் எண் ஒரே டெண்டரில் இரண்டு நிறுவனங்களின் கோப்பில் வந்தால் இருவருமே வெளியே போக வேண்டியிருக்கும். வேலைக்கு எடுத்துக்கொண்டு, உங்கள் ஒப்பந்ததாரர் உரிமத்திலும் அவர் பெயரைச் சேர்த்த பிறகு போடுங்கள்.