வாய்ஸ் டைப்பிங்ல நீளமா எழுதுறவங்க திருத்தத்தை சீக்கிரம் முடிக்க

பேசுறது சீக்கிரம் முடிஞ்சிடும், திருத்துறதுலதான் நேரம் போகும், அதனால இதுல திருத்தத்தைப் பத்திதான் அதிகமா சொல்லப் போறேன்.

குரோம்ல கூகுள் டாக்ஸ் திறந்து Tools மெனுவுல Voice typing எடுங்க, Ctrl+Shift+S அமுக்கினாலும் வரும். மைக் படத்துக்கு மேல இருக்கிற மொழிப் பட்டியல்ல தமிழைத் தேர்ந்தெடுத்துட்டு மைக்கை கிளிக் பண்ணிப் பேச ஆரம்பிங்க. நெட் இருக்கணும். ஒவ்வொரு வார்த்தையா விட்டு விட்டுப் பேசாதீங்க, அரை வாக்கியமாவது ஒரே மூச்சுல சொன்னாதான் முன்னபின்ன வர்ற வார்த்தைய வச்சு அது சரியா ஊகிக்கும். கூடவே போன்ல உங்க குரலை ரெக்கார்டு பண்ணி வைங்க, சில நேரம் பாதி வாக்கியத்தையே முழுங்கிடும், அப்ப என்ன சொன்னோம்னு கேட்டுப் பார்த்துக்கலாம்.

நிறுத்தக்குறிக்கான குரல் கட்டளை தமிழ்ல கிடையாது. அதனால வாக்கியம் முடியுற இடத்துல "முற்றுப்புள்ளி"ன்னு வாயால சொல்லிடுங்க, அது வார்த்தையாவே விழும். புதுப் பத்திக்கு மட்டும் Enter தட்டுங்க. நடுவுல தப்பு கண்ணுல பட்டாலும் நிறுத்தாதீங்க, அங்க கை வச்சா யோசனை அறுந்துடும்.

முழுசா பேசி முடிச்சதும் Ctrl+H அமுக்குங்க, தேடி மாத்துற பெட்டி வரும். தேடுற கட்டத்துல முதல்ல ஒரு ஸ்பேஸ், அப்புறம் முற்றுப்புள்ளிங்கிற வார்த்தை, மாத்துற கட்டத்துல "." மட்டும் போட்டு Replace all அமுக்குங்க. முன்னாடி அந்த ஸ்பேஸ் போடலைன்னா எல்லாப் புள்ளியும் வார்த்தைய விட்டுத் தள்ளி நிக்கும். சில இடத்துல "முற்றுப் புள்ளி"ன்னு பிரிச்சும் போட்டிருக்கும், அதையும் தனியா ஒரு தடவ தேடிடுங்க. அடுத்து, திரும்பத் திரும்ப வர்ற ஆள் பேர், ஊர் பேரை இதே மாதிரி மாத்திடுங்க.

இப்பதான் கஷ்டமான பகுதி. "பள்ளிக்குப் போகும் வழியில் மழை"ன்னு நீங்க சொன்னது "பல்லிக்கு போகும் வலியில் மலை"ன்னு வந்திருக்குன்னு வைங்க. பல்லி, வலி, மலை மூணுமே நிஜமான வார்த்தைங்க, அதனால ஸ்பெல் செக் ஒண்ணுமே சொல்லாது. உங்க உச்சரிப்புக்கு எந்தெந்த ஜோடி மாறுதுன்னு முதல் ரெண்டு பக்கம் படிச்சாலே தெரிஞ்சிடும், அதைக் குறிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா தேடுங்க. ஆனா இங்க Replace all மட்டும் அமுக்கவே கூடாது! வலியை வழின்னு மொத்தமா மாத்தினா "வலிமை" எல்லாம் "வழிமை" ஆயிடும், நிஜமாவே வலியைப் பத்தி எழுதின இடமும் போயிடும். Next அமுக்கி ஒவ்வொரு இடமா பார்த்து Replace பண்ணுங்க. சாம்பல் நிறக் கோடு போட்ட வார்த்தை இருந்தா அது மேல ரைட் கிளிக் பண்ணுங்க, வேற பரிந்துரை காட்டும்.

"பள்ளிக்குப்"ல வர்ற ப் மாதிரி ஒற்றெழுத்து விடுபட்டதைக் கடைசியா பாருங்க, வார்த்தையே மாறப் போற இடத்துல முன்னாடியே ஒற்று போட்டா ரெண்டு வேலை.