பிரெஞ்சுத் திரையில் ஆதென்டிகேட்டரைப் புதிய போனுக்கு மாற்றுவது

வன்னியில் பல வீடுகளுக்குப் போன் பாரிஸிலிருந்து வருகிறது, திரையும் பிரெஞ்சிலேயே வருகிறது. பரந்தனில் உள்ள என் மாமியின் பழைய போன், புதிய போன் இரண்டும் அப்படித்தான். மகன் அங்கிருந்து வழி சொல்வதால் மொழியை மாற்ற அவருக்கு விருப்பமில்லை. ஆகவே கணக்குகளில் உள்நுழையும்போது கேட்கும் ஆறு இலக்கங்களைத் தரும் செயலியான கூகுள் ஆதென்டிகேட்டரைப் பிரெஞ்சிலேயே மாற்றிக் கொடுத்தேன்.

பழைய போனில் செயலியைத் திறந்து, மேலே இடப்பக்கம் உள்ள மூன்று கோடுகளைத் தொடுங்கள். Transférer என்று தொடங்கும் வரி, அதற்குள் Exporter. விரல்ரேகையோ போனின் இரகசிய எண்ணோ கேட்கும். கணக்குகளைத் தெரிவுசெய்து அடுத்த பொத்தானை அழுத்தினால் பெரிய கியூஆர் கட்டம் தோன்றும்.

புதிய போனிலும் அதே வழிதான், Exporter இருந்த இடத்தில் Importer. போனின் சாதாரணக் கமராவால் வருட வேண்டாம், செயலி திறக்கும் கமராவையே பயன்படுத்துங்கள். அந்தக் கட்டத்தை வேறு போனால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் கணக்குகளின் இரகசியச் சாவிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன.

இனிப் பழைய போனில் எதையும் அழுத்தாதீர்கள். ஏற்றுமதி முடிந்ததும், அனுப்பிய கணக்குகளைப் பழைய போனிலிருந்து நீக்கவா, வைத்திருக்கவா என்று செயலி கேட்கக்கூடும். வாசிக்க முடியாத கேள்விக்குப் பதில் சொல்வதைவிட, முகப்புக்கு வந்துவிடுவதே நல்லது. கணக்குகள் பழைய போனிலும் அப்படியே இருக்கும்.

பிறகு இரண்டு போன்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே கணக்குக்கு ஒரே நேரத்தில் ஒரே ஆறு இலக்கம் வர வேண்டும். மாமிக்கு வரவில்லை. புதிய போனின் மணிக்கூடு சரியான இலங்கை நேரத்தைக் காட்டியது, ஆனால் நேர வலயம் பாரிஸாகவே இருந்தது. யாரோ முள்ளைக் கையால் நகர்த்தியிருந்தார்கள். அந்த இலக்கங்கள் உலகப் பொது நேரத்திலிருந்து 30 விநாடிக்கு ஒருமுறை கணிக்கப்படுகின்றன. பாரிஸ் வலயத்தில் இலங்கை நேரத்தை வைத்தால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் போன் முந்திப் போய்விடும். நேரம், நேர வலயம் இரண்டையும் தானியங்கியாக்கியதும் இலக்கங்கள் பொருந்தின. கணக்குகளை மீண்டும் மாற்றத் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு கணக்கிலும் புதிய போனின் இலக்கத்தால் ஒருமுறை உள்நுழைந்து பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். அந்தந்தச் சேவை தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைப்பதையே நான் விரும்புகிறேன், போன் தொலைந்தாலும் அவை இருக்கும்.

பின்சேர்க்கை: முல்லைத்தீவிலிருந்து ஒருவர், பாதிக் கணக்குகள்தான் வந்தன என்று எழுதியிருந்தார். கணக்குகள் அதிகமானால் ஒன்றுக்கு மேற்பட்ட கியூஆர் கட்டங்கள் வரும். அப்போது மட்டும், முதற்கட்டத்தைப் புதிய போன் வாசித்த பிறகு, பழைய போனில் அடுத்ததற்குப் போங்கள்.